கட்டம் தெரிந்தால் அது வெற்றிடம் அல்ல: போலி டிரான்ஸ்பரன்ட் படத்தைச் சரிசெய்வது எப்படி

கும்பகோணத்தில் பத்திரிகையும் நோட்டீஸும் வடிவமைத்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். போன ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால், நாச்சியார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகளின் கல்யாணப் பத்திரிகைக்காக வந்திருந்தார். அரக்கு நிற அட்டை, அதன் நடுவில் அன்னம் வைத்த ஐந்துமுகக் குத்துவிளக்கு. "எங்க ஊரு விளக்கு இல்லாம பத்திரிகையா தம்பி?" என்றார். விளக்குப் படத்தை அவருடைய மகன் இணையத்திலிருந்து இறக்கி போனில் வைத்திருந்தான்.

அந்தப் படத்தை அரக்கு நிறத்தின்மேல் வைத்தேன். விளக்கு வந்தது, கூடவே வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் போட்ட ஒரு பெரிய செவ்வகமும் வந்தது. பையன் நம்பவில்லை. "டிரான்ஸ்பரன்ட் படம்தான் அண்ணா, பாருங்க, கட்டம்கூட இருக்கே!"

இதே வார்த்தையைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கட்டம் இருந்தால் பின்னணி இல்லாத படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர் எதிர். இறக்கிய படத்துக்குள்ளேயே கட்டம் இருந்தால், அந்தப் படத்தில் வெற்றிடமே கிடையாது.

## ஓட்டையும் ஓட்டையின் ஓவியமும்

வாசலில் கோலம் போடும் தகர அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். தகரத்தில் ஓட்டைகள் இருக்கும். மாவைக் கொட்டினால் அந்த ஓட்டை வழியாகத் தரையில் விழும். ஓட்டை என்பது ஒரு பொருள் அல்ல, அங்கே தகரம் இல்லை என்பதுதான் ஓட்டை. அச்சைச் சிவப்புத் தரையில் வைத்தால் ஓட்டைக்குள் சிவப்பு தெரியும், சாணம் மெழுகிய தரையில் வைத்தால் பச்சை தெரியும்.

இப்போது அந்த அச்சைக் கட்டம் போட்ட மேஜை விரிப்பின்மேல் வைத்துப் போட்டோ எடுத்துக் காகிதத்தில் அச்சடிக்கிறோம். காகிதத்திலும் ஓட்டை இருப்பதுபோலத்தான் தெரியும், உள்ளே விரிப்பின் கட்டமும் தெரியும். அந்தக் காகிதத்தின்மேல் மாவைக் கொட்டிப் பாருங்கள், ஒரு துளிகூடக் கீழே இறங்காது.

உண்மையான டிரான்ஸ்பரன்ட் படம் தகர அச்சு. பையன் கொண்டுவந்தது அதன் போட்டோ. மேஜை விரிப்பு எது? படம் திருத்தும் மென்பொருளின் திரைதான். 'இங்கே ஒன்றுமில்லை' என்பதை எப்படியாவது கண்ணுக்குக் காட்டியாக வேண்டும் என்பதற்காக அந்த மென்பொருள் திரையில் மட்டும் கட்டம் வரைந்து காட்டுகிறது. ஒழுங்காகச் சேமித்த கோப்புக்குள் அது போகாது. யாரோ அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ, இறக்குவதற்கு முன் காட்டும் மாதிரிப் படத்தைச் சேமித்தாலோ, கட்டம் படத்தின் நிறமாகவே பதிந்துவிடுகிறது.

## நான்காவது எண்

படம் என்பது பிக்சல் எனப்படும் மிகச் சிறிய நிறப்புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 255 என்றால் வெள்ளை, மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 204 என்றால் வெளிர்சாம்பல்.

டிரான்ஸ்பரன்ட் படத்தில் நான்காவதாக ஓர் எண் இருக்கும். அதன் பெயர் ஆல்ஃபா. அந்த இடம் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை அது சொல்லும். 0 என்றால் முழு வெற்றிடம், 255 என்றால் பின்னால் இருப்பது தெரியவே தெரியாது. நடுவில் இருக்கும் எண்கள்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். காவிரிப் படித்துறையில் தண்ணீர் தெளிந்து ஓடும்போது மூழ்கிய படிகள் நன்றாகத் தெரியும். ஆடியில் புதுத்தண்ணீர் செந்நிறமாக வரும்போது படி மங்கலாகத் தெரியும், கலங்கல் கூடினால் மறைந்தே போகும். அந்தக் கலங்கலின் அளவுதான் ஆல்ஃபா.

ஜேபெக் வகைக் கோப்பில் இந்த நான்காவது எண்ணுக்கு இடமே இல்லை. பிஎன்ஜி வகையில் இடம் உண்டு. ஆனால் இடம் இருப்பதாலேயே அதில் வெற்றிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. பிஎன்ஜியாகவே இருந்தும் எல்லாப் புள்ளியிலும் ஆல்ஃபா 255 ஆக இருக்கலாம். ஜேபெக் கோப்பின் பெயரை மட்டும் `.png` என்று மாற்றி வைத்திருக்கவும் கூடும். அதனால் பெயரைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: உண்மையான படத்தில் வெற்றிடம் ஆல்ஃபா எண்ணாக இருக்கிறது, கட்டம் திரையில் மட்டும் தெரிகிறது. போலிப் படத்தில் கட்டம் நிறமாகப் பதிந்திருக்கிறது, வெற்றிடம் இல்லை.

## போலி என்று கண்டுபிடிப்பது

நான் இலவச மென்பொருளான கிம்ப்பில் செய்துகாட்டுகிறேன். படத்தைத் திறந்து, அதற்குக் கீழே ஒரு புது லேயர் போட்டு அடர்ந்த அரக்கு நிறத்தை நிரப்புங்கள். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் போன்றது. விளக்கைச் சுற்றி அரக்கு தெரிந்தால் உண்மையான படம். கட்டம் அப்படியே நின்றால் போலி. இந்தச் சோதனை தவறாது.

அவசரத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மென்பொருள் வரையும் கட்டம் எவ்வளவு பெரிதாக்கினாலும் திரையில் அதே அளவில் நிற்கும். பதிந்த கட்டமோ விளக்கோடு சேர்ந்து தானும் பெருக்கும்.

## ஒரே கிளிக்கில் ஏன் போகாது?

எல்லோரும் முதலில் செய்வது, ஒரே நிறத்தைத் தேடிப் பிடிக்கும் கருவியை எடுத்து வெள்ளைக் கட்டத்தில் கிளிக் செய்து அழிப்பது. ஒரு சதுரம் மட்டும் போகும், மற்றவை நிற்கும். சரி என்று படம் முழுக்க உள்ள வெள்ளையைப் பிடிக்கும் கருவியை எடுத்தால், கட்டத்தின் வெள்ளையோடு சுடரின் நடுவில் இருக்கும் வெண்மையும், பித்தளையில் ஒளி பட்டு மின்னும் இடங்களும் சேர்ந்து போய்விடும். விளக்கில் ஓட்டை விழும்.

இதற்குமேல் இன்னொரு சிக்கல், நிறங்கள் இரண்டாக மட்டும் இருப்பதில்லை. ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் பெட்டிகளாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத விவரங்களைத் தள்ளிவிட்டுத்தான் கோப்பைச் சிறிதாக்குகிறது. அதனால் 204 ஆக இருந்த சாம்பல் ஓரிடத்தில் 201, இன்னோரிடத்தில் 207 என்று சிதறியிருக்கும். வெள்ளையும் சாம்பலும் சந்திக்கும் கோட்டில் 230 போன்ற இடைநிறங்கள் ஓடும். வெள்ளையையும் சாம்பலையும் தனித்தனியாக அழித்தால், அந்தக் கோடுகள் மட்டும் மீன்வலை மாதிரி மிஞ்சி நிற்பது இதனால்தான்.

## விளக்கைப் பிரித்தெடுத்த கதை

பெரியவர் கொடுத்த படம் 900 பிக்சல் அகலம், 1200 பிக்சல் உயரம். பத்திரிகையில் விளக்கு 3 அங்குல உயரம் வந்தால் போதும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 900 தேவை. படம் தாராளமாகப் போதும் என்பதால்தான் வேலையை எடுத்தேன். 300 பிக்சல் உயரத்தில் கிடைத்திருந்தால் வேறு படம் கேட்டிருப்பேன், ஏனென்றால் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அச்சில் அது பல்பல்லாகத்தான் விழும்.

முதலில் `Layer > Transparency > Add Alpha Channel`. இதனால் கண்ணுக்கு எதுவும் மாறாது. நான்காவது எண்ணுக்கு இடம் ஒதுக்குகிறோம், அவ்வளவே.

அடுத்து `Fuzzy Select Tool`. கிளிக் செய்த புள்ளியிலிருந்து தொடங்கி, அதே போன்ற நிறம் தொட்டுத்தொட்டுத் தொடரும் வரை பரவும் கருவி இது. எவ்வளவு வித்தியாசம் வரை 'அதே போன்ற நிறம்' என்று ஏற்கலாம் என்பதை `Threshold` என்ற எண் சொல்லும். அது வழக்கமாக 15இல் இருக்கும், அதனால்தான் ஒரு சதுரத்தோடு நின்றுவிடுகிறது. வெள்ளை 255, சாம்பல் 204, இரண்டுக்கும் வித்தியாசம் 51. சிதறலுக்குக் கொஞ்சம் சேர்த்து 60 வைத்தேன். இப்போது வெள்ளைச் சதுரத்தில் ஒரு கிளிக் செய்ததும் வெள்ளை, சாம்பல், நடுவில் ஓடும் இடைநிறக் கோடு மூன்றும் ஒன்றாகப் பிடிபட்டன.

பித்தளை ஏன் பிடிபடவில்லை? அதன் மஞ்சளில் நீலம் மிகக் குறைவு. இந்த விளக்கில் நீல எண் 60 வாக்கில் இருந்தது. வெள்ளையின் 255இலிருந்து அது 195 தள்ளி நிற்கிறது, 60 என்ற வரம்பு அதை எட்டாது. சுடரின் வெண்மையும் தப்பித்தது, ஏனென்றால் அதைச் சுற்றிலும் மஞ்சள் வேலி போட்டிருக்கிறது, வெளியிலிருந்து பரவிவரும் தேர்வு அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. படம் முழுக்கத் தேடாமல் தொட்டுத் தொடரும் கருவியை எடுத்த காரணம் இதுதான்.

அதே வேலி ஓரிடத்தில் இடைஞ்சலும் செய்யும். அன்னத்தின் அலகுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி, அதற்குள்ளும் இரண்டு கட்டங்கள். வெளித்தேர்வு அங்கே போகாது. `Shift` விசையைப் பிடித்துக்கொண்டு அங்கே தனியாக ஒரு கிளிக் செய்து சேர்த்தேன். இந்த மாதிரி உள்ளிடைவெளிகளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அச்சாகி வந்த பிறகு கண்ணில் படும்.

பிறகு `Select > Grow` போய் 1 என்று கொடுத்துத் தேர்வை விளக்கை நோக்கி ஒரு பிக்சல் நகர்த்தினேன். காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன். கடைசியாக, தேர்ந்ததை அழிக்கவில்லை. `Layer > Mask > Add Layer Mask` போய் `Selection` என்பதையும் `Invert mask` என்பதையும் குறித்தேன். மாஸ்க் என்பது படத்தின்மேல் போடும் திரை. அதில் கறுப்பு அடித்த இடம் மறையும், வெள்ளை அடித்த இடம் தெரியும். படம் பழுதாகாமல் அடியில் அப்படியே இருக்கும்.

அது இந்த முறை கைகொடுத்தது. விளக்கின் அடித்தட்டு விளிம்பில் ஒளி பட்டு வெளுத்திருந்த ஓரிடத்தின் வழியாகத் தேர்வு உள்ளே கசிந்து, தட்டில் எலி கடித்தாற்போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மாஸ்க்கில் சின்ன பிரஷ் வைத்து வெள்ளை அடித்ததும் தட்டு திரும்பி வந்தது.

சுருக்கமாக: வரம்பை இரு கட்டங்களின் வித்தியாசத்துக்குச் சற்று மேலே வைக்க வேண்டும், தொட்டுத் தொடரும் கருவியையே எடுக்க வேண்டும், உள்ளிடைவெளிகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அழிக்காமல் மாஸ்க் போட வேண்டும்.

## விளிம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை

விளக்கின் ஓரத்தில் இருக்கும் பிக்சல் பாதி விளக்கின்மேலும் பாதி பின்னணியின்மேலும் விழுந்திருக்கும். அதனால் அதன் நிறம் இரண்டும் கலந்ததாக இருக்கும். அந்தக் கலவைக்குக் கணக்கு இது:

```
C = a × F + (1 − a) × B
```

C நாம் பார்க்கும் நிறம், F பொருளின் நிறம், B பின்னணி, a என்பது ஆல்ஃபா. ஆல்ஃபாவை இங்கே 0 முதல் 1 வரை எழுதியிருக்கிறேன், 255 என்பது 1க்குச் சமம். 1970களின் பிற்பகுதியில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மலும் இந்த நான்காவது எண்ணைப் படத்தோடு சேர்த்தபோது, இப்படிப்பட்ட சூத்திரத்தில் இருந்த கிரேக்க எழுத்தைக்கொண்டே அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்கள்.

பித்தளையின் நீல எண் 60. ஓரப் பிக்சல் பாதிக்குப் பாதி என்றால், வெள்ளைக் கட்டத்தின் பக்கம் அது 157 வாக்கில் வரும், சாம்பல் கட்டத்தின் பக்கம் 132. இரண்டுமே தேர்வின் வரம்புக்கு வெளியே இருப்பதால் விளக்கோடு தங்கிவிடும். அரக்கு நிறத்தில் வைக்கும்போது விளக்கைச் சுற்றி வெளிறிய ஒரு கோடு தெரியும். அதிலும் கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் கூடியும் குறைந்தும், தையல் போட்டது மாதிரி இருக்கும். அந்தத் தையலைப் பார்த்தாலே, போலிக் கட்டத்திலிருந்து வெட்டிய படம் என்று அச்சுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஒரு பிக்சல் உள்ளே நகர்த்தியது இந்தக் கலந்த வரிசையை வெளியே தள்ளத்தான். 1200 பிக்சல் உயரப் படத்தில் ஒரு பிக்சல் போனால் விளக்கு இளைத்துவிடாது. சரியாகப் போனதா என்று பார்க்க, கீழ் லேயரின் நிறத்தை ஒருமுறை அடர் நிறமாகவும் ஒருமுறை வெளிர்மஞ்சளாகவும் மாற்றிப் பாருங்கள். வெள்ளைமேல் வைத்துப் பார்த்தால் இந்தக் குறை ஒருபோதும் தெரியாது.

## நிழலுக்குள் தெரியும் கட்டம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. விளக்கின் அடியில் மென்மையான நிழல் ஒன்று இருந்தது. நிழலுக்குள்ளும் கட்டம் மங்கலாகத் தெரிந்தது. இதைக் கண்டதும் பலர் சலித்துக்கொண்டு நிழலையே வெட்டிவிடுவார்கள். ஆனால் அந்த மங்கல் கட்டம்தான் நிழலின் ஆல்ஃபா என்ன என்பதைச் சொல்லும் சாட்சி.

படித்துறையை மறுபடி நினையுங்கள். ஒரு கறுப்புக் கல்லும் ஒரு வெள்ளைக் கல்லும் பக்கத்தில் பக்கத்தில் மூழ்கியிருக்கின்றன. தெளிந்த தண்ணீரில் இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கலங்கல் ஏற ஏற வித்தியாசம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று அளந்தால், தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நிறத்தை அளக்கும் `Color Picker Tool` கொண்டு நிழலின் நடுவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை அளந்தேன். வெள்ளைக் கட்டம் 153, சாம்பல் கட்டம் 122. வித்தியாசம் 31. நிழலுக்கு வெளியே வித்தியாசம் 51. 31ஐ 51ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.6. அதாவது பின்னணியில் 60 சதவீதம் தெரிகிறது, நிழல் 40 சதவீதம் மறைக்கிறது. நிழலின் நிறம்? வெள்ளைக் கட்டத்தின் 255இல் 60 சதவீதம் 153, நாம் பார்த்ததும் 153. அப்படியென்றால் நிழல் தன் பங்குக்கு எந்த வெளிச்சமும் சேர்க்கவில்லை, சுத்தக் கறுப்பு.

ஒரே பொருளைத் தெரிந்த இரண்டு வேறு பின்னணிகளில் பார்க்க முடிந்தால் அதன் நிறத்தையும் ஆல்ஃபாவையும் கணக்கிட்டே எடுத்துவிடலாம் என்று ஸ்மித்தும் ஜிம் பிளின்னும் 1996இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை காட்டுகிறது. போலிக் கட்டம் தெரியாமலேயே அந்த இரண்டு பின்னணிகளையும் நமக்குப் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்துவிடுகிறது. நிழல் மெதுவாக மாறுவதால், அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் அது ஒன்றே என்று எடுத்துக்கொள்ளலாம்.

பதில் கிடைத்த பிறகு பழைய நிழலை மாஸ்க்கில் முழுதாக மறைத்தேன். விளக்குக்குக் கீழே புது லேயர் போட்டு, அதே இடத்தில் கறுப்பில் ஒரு நீள்வட்டம் நிரப்பி, தேர்வை நீக்கிவிட்டு, `Filters > Blur > Gaussian Blur` கொடுத்து, லேயரின் `Opacity` எண்ணை 40 ஆக்கினேன். அரக்கு அட்டையில் விளக்கு தரையில் நிற்பதுபோல உட்கார்ந்தது.

நிழலுக்குள் கட்டம் தெரிந்தால் பழையதைச் சுத்தம் செய்ய மெனக்கெட வேண்டாம், அளந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்பதுதான் என் வழக்கம்.

## எங்கே இது கைவிடும்?

நிழல் மிக அடர்த்தியாக இருந்தால் கட்டத்தின் வித்தியாசம் 5, 6 என்று சுருங்கிவிடும். ஜேபெக் சிதறலே 3, 4 இருக்கும்போது அந்த அளவை நம்ப முடியாது. தூபப் புகை, தலைமுடி போன்றவற்றில் ஆல்ஃபா பிக்சலுக்குப் பிக்சல் மாறுவதால் பக்கத்துக் கட்டத்தோடு ஒப்பிடும் வழியும் அடைபட்டுவிடும்.

இதைவிடச் சிரமமானது மல்லிகைச் சரம் சுற்றிய விளக்கு. வெள்ளைப் பூ, வெள்ளைக் கட்டம், பூவின் நிழலும் சாம்பல், கட்டமும் சாம்பல். நிறத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது, `Threshold` எவ்வளவு வைத்தாலும் ஒன்று பூ போகும் அல்லது கட்டம் மிஞ்சும். அங்கே `Paths Tool` எடுத்து, பூவின் ஓரத்தைக் கண்ணால் பார்த்துக் கோடு இழுத்துத்தான் வெட்ட வேண்டும். வழவழப்பான பித்தளைக்குக்கூட, நேரம் இருந்தால் கோடு இழுப்பதே சுத்தமான விளிம்பு தரும்.

முடித்ததும் `File > Export As` போய்ப் பெயரின் முடிவில் `.png` என்று கொடுத்துச் சேமிக்க வேண்டும். ஜேபெக்கில் சேமித்தால் நான்காவது எண் போய்விடும், வெற்றிடம் இருந்த இடத்தில் ஒரு நிறம் நிரம்பிவிடும். போனில் அனுப்பும்போதும் போட்டோவாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்வேன், போட்டோவாகப் போனால் வழியிலேயே ஜேபெக்காக மாறிவிடக்கூடும்.

பெரியவர் திரையில் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பையன் மட்டும், கீழே இருந்த அரக்கு லேயரை மறைத்துக் காட்டச் சொன்னான். மறைத்தேன். விளக்கைச் சுற்றி மறுபடி கட்டம் தெரிந்தது, கிம்ப்பின் சொந்த அடர்சாம்பல் கட்டம். பெரிதாக்கிப் பார்த்தான். விளக்கு பெருத்துக்கொண்டே போனது, கட்டம் அதே அளவில் நின்றது.